"நான் அப்படிச் சொல்லவே இல்லை": கூட்டக் குறிப்பில் வரும் வம்புகளும் அவற்றைச் சரிசெய்யும் விதமும்

செந்தூலில் ஒரு சிறிய சங்கத்துக்குச் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் கிடைத்தது. பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த செயலவைக் கூட்டத்தின் குறிப்பை நான் அடுத்த கூட்டத்தில் வாசித்தபோது, பொருளாளர் எழுந்துவிட்டார். என் அப்பா வயதுக்காரர், கோபமே வராத மனிதர். "என்னம்மா இது, நான் திருடன்னு எழுதி வச்சிருக்கியே" என்றார். நான் அப்படி எழுதவில்லை. ஆனால் அவர் சொன்னதும் தவறில்லை. என் வாக்கியங்களின் இலக்கணம் அதைத்தான் சொன்னது.

முதலில் அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று பார்ப்போம். பொங்கல் விழாச் செலவு பற்றிய பேச்சு. பொருளாளர் சொன்னது: "கூடாரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, அறுநூறு வெள்ளி. ரசீது இன்னும் வரல. அடுத்த வாரம் வாங்கித் தரேன். கணக்குல நாலாயிரத்து இருநூறு இருக்கு." செயலவை உறுப்பினர் ஒருவர், "ரசீது இல்லாம காசு கொடுக்கலாமா?" என்றார். துணைச் செயலாளர், "ஸ்பீக்கர் ஒண்ணு விழா அன்னைக்கு வேலை செய்யாம போச்சு" என்றார். கடைசியாகத் தலைவர், "சரி, இனிமே ரசீது இல்லாம காசு எடுக்க வேணாம்" என்றார்.

நான் எழுதியது இது:

"பொருளாளர் ரசீது இல்லாமல் 600 ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டதை ஒப்புக்கொண்டார். பணம் முறையின்றிச் செலவாவதை உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார். கணக்கில் 4,200 ரிங்கிட் இருந்ததாகப் பொருளாளர் கூறினார். ஒலிபெருக்கி உடைக்கப்பட்டது. ரசீது இல்லாமல் பணத்தை எடுக்கக் கூடாது."

ஐந்தே வரி. இதில் நடக்காத நிகழ்ச்சி என்று பார்த்தால் உடைப்பு ஒன்றுதான். மற்ற வரிகளிலும் யாரோ ஒருவர் பக்கம் சாய்ந்த எழுத்து இருக்கிறது. உங்கள் குறிப்பைப் பற்றியும் இப்படிப் புகார் வந்தால், புகாரின் வகையைப் பார்த்துக் கீழே உள்ள இடத்துக்குப் போங்கள்.

புகார்: "நிரூபித்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள்"

இதுதான் அதிகம் வரும் புகார், கண்ணுக்கு எளிதில் படாததும் இதுதான். கோளாறு பெரும்பாலும் ஓர் உருபில் இருக்கும்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் மெதுவாகப் படியுங்கள். "கணக்கில் குறை இருப்பதாக அவர் கூறினார்." "கணக்கில் குறை இருப்பதை அவர் கூறினார்." முதல் வாக்கியத்தில் குறை இருக்கிறது என்பது அவர் கருத்து. இரண்டாவதில் குறை இருப்பது உண்மை, அவர் அதை எடுத்துச் சொன்னார், அவ்வளவே. "-தாக" என்று முடித்தால் பொறுப்பு பேசியவருடையது. "-தை" என்று முடித்தால் குறிப்பு எழுதியவரும் அதற்குச் சாட்சி சொல்கிறார்.

சந்தேகம் வந்தால் கடைசி வினையை எதிர்மறையாக்கிப் பாருங்கள். "குறை இருப்பதை அவர் கூறவில்லை" என்றால் குறை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அவர் மறைத்தார் என்று ஆகிறது. "குறை இருப்பதாக அவர் கூறவில்லை" என்றால் குறை உண்டா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. எதிர்மறையாக்கிய பிறகும் உண்மையாகவே நிற்கிற செய்தி எதுவோ, அதற்கு நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். "என்பதை" என்ற சொல்லும் இதே வேலையைச் செய்யும். "தாமதம் ஆகிறது என்பதைத் தெரிவித்தார்" என்று எழுதும்போது தாமதத்தை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்து, வாக்கியத்தை முடிக்கும் வினை. "கூறினார்", "தெரிவித்தார்", "கேட்டார்" ஆகிய மூன்றும் எந்தப் பக்கமும் சாயாதவை. "சுட்டிக்காட்டினார்" அப்படியில்லை. இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது, ஆகவே அந்தச் சொல்லைப் போட்டவுடன் சொன்னவர் சரி என்று தீர்ப்பாகிவிடுகிறது. "தெளிவுபடுத்தினார்" என்பதும் அப்படித்தான்; கேள்வி கேட்டவருக்கு முன்பு தெளிவு இல்லை என்று ஆகிறது. "ஒப்புக்கொண்டார்" என்று எழுத, முன்பு ஒரு குற்றச்சாட்டு இருந்திருக்க வேண்டும். என் குறிப்பில் பொருளாளர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் கேட்பதற்கு முன் தாமாகவே சொன்னார். சொன்ன மனிதருக்குப் பரிசாக ஒரு குற்றத்தைக் கட்டிவிட்டேன்.

உறுப்பினர் பேசியதையும் நான் கெடுத்திருந்தேன். அவர் கேள்வி கேட்டார்; நான் அதைக் கூற்றாக மாற்றிவிட்டேன். கேள்வியைக் கேள்வியாகவே எழுதத் தமிழில் எளிய வழி இருக்கிறது: "ரசீது இல்லாமல் பணம் கொடுக்கலாமா எனச் செயலவை உறுப்பினர் ஒருவர் கேட்டார்." இதில் யார் மீதும் எதுவும் ஏறவில்லை. "கேள்வி எழுப்பினார்" என்று எழுதுவதில்கூட எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அதில் சண்டை வாடை அடிக்கிறது.

புகார்: "அப்போ இருந்த காசு இப்போ எங்கே?"

இது காலம் தொடர்பான கோளாறு. நம் ஊரில் பலருக்குக் கூட்டக் குறிப்பு முதலில் ஆங்கிலத்தில்தான் கைவந்தது. பணியிடத்தில் ஆங்கிலக் குறிப்பு எழுதிப் பழகியவர் ஒரு விதியைச் சுமந்துகொண்டு வருகிறார்: கூறினார் என்பது இறந்தகாலம், ஆகவே கூறிய செய்தியையும் ஒரு படி பின்னே தள்ள வேண்டும். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் அந்தத் தள்ளல் கிடையாது.

தமிழில் "-தாக" வரும் சொல்லின் காலம், பேசிய நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. "4,200 ரிங்கிட் இருப்பதாகக் கூறினார்" என்றால் அவர் பேசிய அந்த நேரத்தில் பணம் இருக்கிறது. "இருந்ததாகக் கூறினார்" என்றால் அதற்கு முன்பு எப்போதோ இருந்தது, இப்போது என்ன நிலை என்று தெரியாது. நான் இறந்தகாலத்தில் எழுதிய ஒரே காரணத்தால் எங்கள் கணக்குத் தணிக்கையாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, மீதி எங்கே என்று விசாரித்தார். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். அந்த நேரத்தில் தணிக்கையாளர் கணக்கையும் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அப்போது ஓர் "இருந்ததாக" அரை நாளைத் தின்றுவிடும்.

ஆக, மூன்று நிலைகள். கூட்டத்துக்கு முன்பே நடந்து முடிந்தது என்றால் "கொடுத்ததாக". கூட்ட நேரத்து நிலை என்றால் "இருப்பதாக". இனி நடக்கப் போவது என்றால் "தருவதாக". கடைசி இரண்டும் ஒரே வடிவத்தில் இருப்பதைக் கவனித்தீர்களா? "வாடகை செலுத்துவதாகக் கூறினார்" என்று மட்டும் எழுதினால் மாதாமாதம் செலுத்துகிறாரா, இனிமேல்தான் செலுத்துவாரா என்று சொல்ல முடியாது. இங்கே இலக்கணம் கைகொடுக்காது. தேதிதான் காப்பாற்றும்: "வாடகையை மார்ச் 1ஆம் தேதி செலுத்துவதாக", அல்லது "ஒவ்வொரு மாதமும் செலுத்துவதாக".

அதே காரணத்துக்காக "அடுத்த வாரம்", "நாளைக்கு", "போன மாசம்" போன்றவற்றை அப்படியே எழுத வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் படிப்பவருக்கு எந்த வாரம் அது? கூட்டத்திலேயே கேட்டுத் தேதி வாங்கிவிடுங்கள்.

மலாய்க் கடிதத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதும்போதும் இந்தக் கோளாறு வரும். மலாய் வினைச்சொல்லில் காலம் காட்டும் உறுப்பு இல்லை. "தெலா", "அக்கான்" போன்ற துணைச் சொல்லோ சூழலோதான் அதைச் சொல்லும். மண்டப வாடகை பற்றிய கடிதத்தில் "டிபாயார்" என்று மட்டும் இருந்தால் அது செலுத்தப்பட்டதா, செலுத்தப்படுமா என்று தமிழில் நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஊகித்து எழுதாமல், மண்டபம் பதிவு செய்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

புகார்: "யார் கொடுத்தது? நான் கொடுக்கலையே!"

பொருளாளர் சொன்னது "கொடுத்தாச்சு". இந்த "-ஆச்சு" பேச்சுத் தமிழின் பெரிய வசதி. வேலை முடிந்தது என்று சொல்லும், யார் செய்தார் என்று சொல்லாது. அவரே கொடுத்திருக்கலாம், அவர் மகன் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். எழுத்தில் இதைக் "கொடுக்கப்பட்டது" என்று மாற்றினால் அந்த மூடல் நிரந்தரமாகிவிடும். ஆகவே "-ஆச்சு" காதில் விழுந்தவுடன் பேனாவை நிறுத்திக் கேளுங்கள்: "யார் கொடுத்தது அண்ணே, எந்தத் தேதி?" கேட்டால் ஐந்து நொடி. கேட்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம்.

"-தாக" என்ற வடிவிலும் இதே ஆபத்து உண்டு. "கொடுத்தேன்", "கொடுத்தார்", "கொடுத்தோம்" என்ற மூன்றும் அதற்குள் போனால் "கொடுத்ததாக" என்று ஒன்றாகிவிடும். யார் என்று காட்டும் விகுதி உதிர்ந்துவிடுகிறது. "முன்பணம் கொடுத்ததாகப் பொருளாளர் கூறினார்" என்றால் கொடுத்தவர் அவரா, வேறொருவரா?

இதற்குத் தமிழ் ஏற்கெனவே ஒரு மருந்து வைத்திருக்கிறது: "தாம்". "தாம் கொடுத்ததாகப் பொருளாளர் கூறினார்" என்றால் கூறியவரும் கொடுத்தவரும் ஒருவரே. "அவர் கொடுத்ததாக" என்றால் படிப்பவர் வேறு ஒருவரைத் தேடுவார். "தம்மிடம்", "தமக்கு", "தமது" எல்லாம் இதே வழியில் வரும். கொஞ்சம் பழைய நடையாகத் தெரிகிறதே என்று சிலர் தவிர்க்கிறார்கள். கூட்டக் குறிப்பில் அந்தச் சொல்லுக்கு ஈடு கிடையாது என்பது என் கருத்து.

"நாம்", "நாங்கள்" இரண்டும் வேறு விஷயம். உறுப்பினர் ஒருவர் "நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் கேட்பவரை விட்டுவிட்டு, அவருடைய குழு. "நாம பார்த்துக்கலாம்" என்றால் அறையில் இருக்கும் எல்லாரும். குறிப்பில் இரண்டையும் "தாங்கள்" என்று எழுதினால் வேறுபாடு தொலைந்துபோகும். எந்தக் குழு என்று பெயரிட்டு எழுதுங்கள்: "விழா ஏற்பாட்டுக் குழு பார்த்துக்கொள்ளும் என அக்குழுவின் தலைவர் தெரிவித்தார்."

புகார்: "யாரோ வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு"

செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டைத்தான் நாம் பள்ளியில் படித்தோம் என்று நினைவு. ஆனால் தமிழில் மூன்றாவதாக ஒரு வழி எப்போதும் கையில் இருக்கிறது. "உடைத்தார்", "உடைக்கப்பட்டது", "உடைந்தது". முதலாவதில் ஆள் இருக்கிறார். இரண்டாவதில் ஆள் மறைந்திருக்கிறார், ஆனால் நிச்சயமாக ஒருவர் இருக்கிறார். மூன்றாவதில் ஆள் இருந்தாரா என்ற பேச்சே இல்லை. யாரும் உடைத்ததாகத் தெரியாதபோது "உடைக்கப்பட்டது" என்று எழுதுவது, பெயர் சொல்லாமல் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது. துணைச் செயலாளர் சொன்னது "வேலை செய்யாம போச்சு". அதற்கு நேர் எழுத்து வடிவம் "பழுதானது". அதுவே போதும். "தாமதமானது", "தாமதப்படுத்தப்பட்டது" என்ற இணையிலும் இதே கதைதான்.

மறுபக்கமும் உண்டு. ஆள் தெரியும்போது, பொறுப்பு இருக்கும்போது, "-ப்பட்டது" என்று மூடி மறைப்பதும் சாய்வுதான். "ரசீது வாங்கப்படும்" என்றால் யாரும் வாங்க மாட்டார்கள். செயப்பாட்டுவினையை நான் முடிவுகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். "முடிவு செய்யப்பட்டது" என்னும்போது செய்தது கூட்டம் என்று எல்லாருக்கும் தெரியும், அங்கே மறைவதற்கு யாரும் இல்லை.

துணைவினைகளையும் கவனியுங்கள். "கொடுத்தார்" என்பது செய்தி. "கொடுத்துவிட்டார்" என்பதில் ஐயோ என்ற குரல் கேட்கிறது. "எழுதிக்கொண்டார்" என்றால் தன் வசதிக்கு எழுதியது போல ஒலிக்கும். பேச்சில் வரும் "-விட்டு", "-கொண்டு", "-போட்டு" எல்லாவற்றையும் குறிப்பில் உதறிவிட்டு மொட்டை வினையாக எழுதுங்கள். நடை கொஞ்சம் வறண்டுபோகும், பரவாயில்லை.

புகார்: "இது முடிவா, பேச்சா?"

"செய்யலாம்" என்று ஒருவர் சொன்னால் அது யோசனையாக இருக்கலாம், அனுமதியாக இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம். "செய்ய வேண்டும்" என்பதும் அப்படியே. யோசனை என்றால் "செய்யலாம் எனப் பரிந்துரைத்தார்" என்று எழுதுங்கள். முடிவு என்றால் "செய்வது என முடிவு செய்யப்பட்டது". எதிர்மறை முடிவு என்றால் "செய்வதில்லை என". இரண்டு வடிவங்களையும் கலக்காமல் கடைசிவரை பிடித்துக்கொண்டால், யாரும் குறிப்பைப் புரட்டி "முடிவு செய்யப்பட்டது" என்ற தொடரை மட்டும் தேடி எடுத்துவிடலாம். தலைவர் போகிற போக்கில் சொன்னது முடிவா என்று தெரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள்: "தலைவரே, இதை முடிவாகப் பதியவா? யார் முன்மொழிகிறார், யார் வழிமொழிகிறார்?"

சின்னப் புகார்கள்

"அறிக்கையை வாசிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள்; செயப்பாட்டுவினையில் "-ஐ" போகும், "அறிக்கை வாசிக்கப்பட்டது". "கணக்குகள் சரிபார்க்கப்பட்டது" என்பதும் தவறு, "சரிபார்க்கப்பட்டன". "வராததாகக் கூறினார்" போன்ற எதிர்மறைகள் நாக்கில் சிக்கும். "வரவில்லை எனக் கூறினார்" என்று எழுதினால் போதும். பேசியவரின் சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுவது ஒரே ஓர் இடத்தில்தான்: தாம் சொன்ன சொல்லையே பதிய வேண்டும் என்று உறுப்பினர் கேட்கும்போது, கூட்டமும் அதற்கு இணங்கும்போது. நீங்களாக ஒருவர் பேச்சை மட்டும் மேற்கோளில் போட்டால், அவர் ஏதோ உளறினார் என்று காட்டுவது போலத்தான் இருக்கும்.

அந்த ஐந்து வரி, திருத்திய பிறகு

தேதிகளைப் பொருளாளரிடம் கேட்டுக்கொண்டு மறுபடி எழுதினேன்.

"5.1 பொங்கல் விழாக் கூடாரத்திற்கான முன்பணம் 600 ரிங்கிட்டைத் தாம் ஜனவரி 9ஆம் தேதி கொடுத்ததாகவும், ரசீது இன்னும் வரவில்லை எனவும் பொருளாளர் தெரிவித்தார். ரசீதைப் பிப்ரவரி 22ஆம் தேதிக்குள் பெற்றுத் தருவதாகக் கூறினார்.

5.2 ரசீது இல்லாமல் பணம் கொடுக்கலாமா எனச் செயலவை உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

5.3 சங்கக் கணக்கில் 4,200 ரிங்கிட் இருப்பதாகப் பொருளாளர் தெரிவித்தார்.

5.4 ஒலிபெருக்கிகளில் ஒன்று விழாவன்று பழுதானதாகத் துணைச் செயலாளர் தெரிவித்தார்.

5.5 இனி ரசீது இல்லாமல் சங்கப் பணத்தை எடுப்பதில்லை என முடிவு செய்யப்பட்டது. நடவடிக்கை: பொருளாளர்."

5.1இல் ஒரே வாக்கியத்துக்குள் "-தாகவும்", "எனவும்" இரண்டும் வந்திருக்கின்றன. உடன்பாட்டுக்கு ஒன்று, எதிர்மறைக்கு ஒன்று. அது முரண்பாடு இல்லை. 5.5ஐ எழுதும் முன் தலைவரிடமும் மற்றவர்களிடமும் அது முடிவுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரும் கீழே சேர்ந்தது.

பழைய குறிப்பில் அப்போது இன்னும் யாரும் கையெழுத்திடவில்லை, அதனால் முழுவதையும் மாற்ற முடிந்தது. கூட்டம் ஏற்றுக் கையெழுத்தான பிறகு கோளாறு தெரிந்தால் பழைய பக்கத்தைத் தொடாதீர்கள். அடுத்த கூட்டத்தின் குறிப்பில், கடந்த குறிப்பு பற்றிய பகுதியில், "5.1இல் 'ஒப்புக்கொண்டார்' என்பது 'தெரிவித்தார்' எனத் திருத்தப்பட்டது" என்று பழைய சொல்லையும் புதிய சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும்.

திருத்தியதை வாசித்து முடித்ததும் பொருளாளரைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தேதி எட்டும்மா, ஒன்பது இல்ல" என்றார்.